கடைசிப் பந்து ரன் அவுட்டை மெதுவாக எழுதுவது எப்படி

மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலோ ஒரு கழக ஆட்டம் கடைசிப் பந்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வெல்ல மூன்று ஓட்டம் வேண்டும், சமன் செய்ய இரண்டு. இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பிய துடுப்பாட்டக்காரர் ரன் அவுட். மறுநாள் செய்தியில் இது ஒரே வரி, செய்திக்கு அது போதும். ஆனால் வாரப் பதிப்புக்கு அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறப்புக் கட்டுரை எழுத உட்காருகிறவர், அந்த ஒரு பந்துக்காவது வாசகரைக் கோட்டருகே கொண்டுபோய் நிறுத்தவேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. முதன்முதலாக இப்படி எழுதப் போகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ரன் அவுட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. போல்ட் ஆவதோ பிடி கொடுப்பதோ பெரும்பாலும் ஒரு பந்தின் பயணத்தோடு முடிந்துவிடும். ரன் அவுட்டில் பந்து ஒரு பக்கம் வருகிறது, மனிதன் இன்னொரு பக்கம் ஓடி வருகிறான், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இதை எழுதப் பழகிக்கொண்டால் மற்ற விக்கெட்டுகள் எளிது. காற்பந்தில் விழும் கோலும் அப்படித்தான்.

முதலில் கணக்கு

எழுதத் தொடங்குமுன் அந்தப் பந்து எத்தனை விநாடி நடந்தது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஆடுகளம் ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு 22 யார். கோடு இரண்டு பக்கமும் ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் இருப்பதால், ஓடுகிறவர் கோட்டுக்குக் கோடு கடக்கவேண்டியது 58 அடி, அதாவது ஏறக்குறைய 17.7 மீற்றர். கால்கட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, கையில் துடுப்போடு ஓடும் ஒரு கழக வீரருக்கு இதற்கு மூன்றேகால் விநாடி என்று வையுங்கள். திரும்பும் தடுமாற்றத்தையும் சேர்த்தால் இரண்டு ஓட்டத்துக்கு 6.6 விநாடி.

மறுபக்கம் பந்து. மிட்விக்கெட் பக்கம் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறவரிடம் அது உருண்டு போக மூன்று விநாடி. அவர் குனிந்து எடுத்து, கையைப் பின்னால் கொண்டுபோக 0.8 விநாடி. 45 மீற்றர் எறிதல் காற்றில் 2.1 விநாடி. விக்கெட் காப்பாளர் வாங்கி, பெய்ல்ஸைத் தட்ட அரை விநாடி. மொத்தம் 6.4.

இடைவெளி 0.2 விநாடி. ஓடுகிறவர் விநாடிக்கு ஐந்தரை மீற்றர் போகிறார் என்றால் அந்த 0.2 விநாடி என்பது ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு துடுப்பின் நீளமே விதிப்படி 38 அங்குலத்தை, அதாவது 96.5 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. ஆக அந்த ஆட்டம் ஏறக்குறைய ஒரு துடுப்பு நீளத்தில் முடிந்திருக்கிறது. இதெல்லாம் தோராயம்தான், கட்டுரையில் ஒரு இலக்கமும் வரவேண்டியதில்லை. ஆனால் கணக்குப் போட்ட பிறகு ஒன்று தெளிவாகிறது. ஆறரை விநாடியில் பந்து உருண்ட மூன்று விநாடிக்கு ஒரு வரி போதும். கடைசி இரண்டரை விநாடிக்குத்தான் பந்திகள் தேவை. புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பந்துவீச்சாளர் ஓடி வருவதையும் அடி விழுவதையும் அரைப் பக்கம் எழுதிக் களைத்துவிட்டு, கோட்டருகே வரும்போது ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

எங்கே மெதுவாக்குவது

இரண்டு முடிவுக்கும் இடம் இருக்கும்வரைதான் மெதுவான எழுத்து வேலை செய்யும். அவுட்டா இல்லையா என்பது வாசகருக்குத் தெரிந்த கணத்தோடு அது முடிந்துவிட வேண்டும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம், 1999 ஜூன் 17 அன்று எட்ஜ்பாஸ்டனில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதி. அவுஸ்திரேலியா 213. தென்னாபிரிக்காவும் 213இல் நிற்கிறது, கைவசம் ஒரே விக்கெட். கடைசி ஓவரின் நான்காவது பந்தை க்ளூஸ்னர் அடித்துவிட்டு ஓடுகிறார். எதிர்முனையில் டொனால்ட் பந்தைப் பார்த்தபடி நிற்கிறார். க்ளூஸ்னர் அவரருகே வந்த பிறகே டொனால்ட் திரும்பி ஓடப் பார்க்கிறார், கையிலிருந்த துடுப்பு கீழே விழுகிறது. மார்க் வோ பந்தை எடுத்து பந்துவீச்சாளர் பிளெமிங்கிடம் தள்ள, பிளெமிங் அதை ஆடுகளம் வழியே உருட்டிவிட, விக்கெட் காப்பாளர் கில்கிறிஸ்ட் பெய்ல்ஸைத் தட்டுகிறார். ஆட்டம் சமநிலை. முந்தைய சுற்றில் மேலே இருந்ததால் இறுதிப் போட்டிக்குப் போனது அவுஸ்திரேலியா.

இதில் எந்த இடத்தை மெதுவாக எழுதுவீர்கள்? கில்கிறிஸ்ட் பெய்ல்ஸைத் தட்டுவதை என்றால் நான் மறுப்பேன். அப்போது டொனால்ட் வெகு தூரத்தில் இருந்தார், பந்து உருண்டு வரும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே முனையில் நின்ற அந்தச் சிறு இடைவெளிதான் இடம். ஒருவர் வந்துவிட்டார், மற்றவர் இன்னும் கிளம்பவில்லை, துடுப்பு விரலிலிருந்து நழுவுகிறது. அங்கேதான் வாசகர் கத்தவேண்டும். பெய்ல்ஸ் விழுவது அதன்பின் ஒரு சிறு வசனத்தில் வந்தால் போதும்.

நம் கழக ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே துடுப்பு நீளம்தான் வித்தியாசம், பெய்ல்ஸ் விழும்போதும் யாருக்கும் முடிவு தெரியாது. ஆகவே மெதுவான பகுதி நடுவரின் விரல்வரை போகலாம். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் இந்த இடம் மாறும். அதைக் கண்டுபிடிக்காமல் முதல் வரியை எழுதாதீர்கள்.

யாரிடம் என்ன கேட்பது

நீங்கள் பந்தலுக்குள் இருந்து பார்த்தது போதாது. 60 மீற்றருக்கு அப்பால் இருப்பவருக்குத் துடுப்பில் பந்து படும் சத்தமே ஏறக்குறைய 0.2 விநாடி பிந்தித்தான் வந்து சேரும். இந்த ஆட்டம் முடிந்ததே அந்த அளவு இடைவெளியில்தான்.

முதலில் போகவேண்டியது ஓட்டங்களைப் பதிகிறவரிடம். எந்தப் பந்து, எந்த முனை, அவுட்டானது யார், எத்தனை ஓட்டம் சேர்ந்தது என்பதை அவருடைய புத்தகத்திலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்த ஓட்டம் கணக்கில் சேரும். இரண்டாவதில் அவுட்டானாலும் முதலாவது நிற்கும், அதனால்தான் இந்த ஆட்டத்தில் தோல்வி ஒரு ஓட்டத்தால். இதை மறந்து இரண்டு ஓட்டத்தால் தோல்வி என்று எழுதிவிட்டால், மைதானத்துக்கு வந்திருந்த ஒருவரும் அதற்குப் பின்னால் நீங்கள் எழுதியதை நம்பமாட்டார்.

அப்புறம் நான்கு பேர்: எறிந்தவர், விக்கெட் காப்பாளர், ஓடியவர், ஸ்குயார் லெக் நடுவர். நால்வரையும் தனித்தனியாகப் பிடியுங்கள். கூட்டமாக இருக்கும்போது கேட்டால் சத்தமாகப் பேசுகிறவரின் ஞாபகமே எல்லோருடைய ஞாபகமாகிவிடும். அன்று மாலையே கேட்பது நல்லது. இரண்டு நாள் போனால் அந்தக் கதையைப் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருப்பார்கள்.

கேள்வியும் முக்கியம். “எப்படி இருந்தது தம்பி?” என்று கேட்டால் “சந்தோசமா இருந்த அண்ணன்” என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. உடம்பைப் பற்றிக் கேளுங்கள். பந்து எந்த உயரத்தில் வந்தது? எந்தக் கை முதலில் பட்டது? அப்போது உன் கண் எங்கே இருந்தது? என்ன சத்தம் கேட்டது? நான் பார்த்தவரையில் எறிந்தவருக்குத்தான் கடைசிக் கட்டம் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும். “எறிஞ்சன் அண்ணன், மறுகா ஒண்டும் தெரியா, எல்லாரும் கத்தினதுதான் கேட்டுச்சு” என்பார். இதுவும் தகவல்தான். அவர் கண்ணால் அந்த இடத்தை எழுதமுடியாது என்று தெரிந்துவிட்டது.

நடுவரிடம் இரண்டு விஷயம் கேட்கவேண்டும். பெய்ல் விழுந்தபோது துடுப்பு எங்கே இருந்தது? விழுந்தது ஒரு பெய்லா, இரண்டுமா? விதிப்படி ஒரு பெய்ல் ஸ்டம்பின் உச்சியிலிருந்து முழுதாக விலகினாலே விக்கெட் விழுந்ததாகக் கணக்கு. ஆடினால் மட்டும் போதாது. கோட்டைப் பொறுத்தவரை, ஸ்டம்புப் பக்கம் இருக்கும் அதன் விளிம்புதான் எல்லை. துடுப்பு வெள்ளைக் கோட்டின் மேலேயே நின்றுவிட்டால் அது உள்ளே வந்ததாக ஆகாது. இன்னொன்று: காப்பாளர் பந்தை வைத்திருந்த கையால்தான் பெய்ல்ஸைத் தட்டவேண்டும். ஒரு கையில் பந்து, மறு கையால் தட்டினார் என்று நீங்கள் எழுதினால் அது அவுட்டே இல்லை.

நமது பக்கத்துக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் பெய்ல்ஸ் தானாகவே பறந்துவிடும். அப்படியான நாளில் இரண்டு முனையிலும் பெய்ல்ஸ் இல்லாமலே ஆட்டத்தை நடத்த நடுவர்கள் முடிவெடுக்கலாம், விதியே அதற்கு இடம் தருகிறது. அப்போது ஸ்டம்ப் தட்டப்பட்டதா என்று தீர்மானிப்பது நடுவர்தான். ஆடிமாத ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது, பெய்ல்ஸ் இருந்ததா என்று கேட்டு உறுதிசெய்யாமல் “பெய்ல்ஸ் காற்றில் சுழன்று விழுந்தது” என்று எழுதிவிடாதீர்கள்.

போன் வீடியோவை நம்பும் அளவு

இப்போது எந்த ஆட்டத்திலும் யாராவது ஒருவர் போனில் பிடித்திருப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் VLC மூலம் திறந்து, E விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக நகரும். நிகழ்ச்சிகளின் வரிசையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. காப்பாளர் ஸ்டம்பின் எந்தப் பக்கம் நின்றார், துடுப்பாட்டக்காரர் எந்தக் கையில் துடுப்பை வைத்திருந்தார், எப்போது தரையில் இறக்கினார் என்பதெல்லாம் தெரியும்.

ஆனால் சாதாரண போன் வீடியோவில் விநாடிக்கு 30 சட்டம்தான். விநாடிக்கு 25 மீற்றர் வேகத்தில் வரும் பந்து ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததுக்குள் 80 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்து காப்பாளரின் கையுறைக்குள் நுழையும் அந்தக் கணம் பெரும்பாலும் எந்தச் சட்டத்திலும் இருக்காது. ஒன்றில் பந்து வெளியே, அடுத்ததில் உள்ளே. பெய்ல் கிளம்புவதும் அப்படித்தான். அந்த இடைவெளியை உங்கள் கற்பனையால் நிரப்பாதீர்கள். காப்பாளரின் கை உணர்ந்ததைக் கேட்டு நிரப்புங்கள். வீடியோவை வைத்து நடுவரின் தீர்ப்பைத் திருத்தப் போவதும் வேண்டாம். பந்தலில் இருந்து சாய்வாகப் பிடித்த காட்சியில் கோடு எங்கே என்பது உறுதியாகத் தெரியாது. நடுவரோ கோட்டுக்கு நேராக நின்றவர்.

யார் கண்ணால் பார்ப்பது

மெதுவாக எழுதும் பகுதியில் ஒரே ஒருவரின் கண்தான் இருக்கவேண்டும். முதல் பந்தியில் எறிந்தவர், அடுத்ததில் ஓடியவர், பிறகு பார்வையாளர் என்று தாவினால் நேரம் உடைந்துபோகும்.

இந்த ஆட்டத்துக்கு நான் காப்பாளரை எடுப்பேன். அவர் எறிதலைப் பார்த்தபடி நிற்கிறார், ஆகவே ஓடி வருகிறவரைப் பார்க்க முடியாது. பார்த்தால் பந்தை விட்டுவிடுவார். பந்து அவருக்குக் கண்ணிலும், மனிதன் காதிலும் இருக்கிறார்கள். இப்படி இரண்டாகப் பிரிந்த புலன் எழுதுகிறவருக்குப் பெரிய வசதி. எந்த நேரத்திலும் ஒன்றுதான் தெரியும், மற்றது நெருங்கி வந்துகொண்டே இருக்கும்.

இடவலத்தை ஒரு படம் கீறிச் சரிபாருங்கள். வலதுகைத் துடுப்பாட்டக்காரருக்கு மிட்விக்கெட் என்பது காப்பாளருக்கு இடது முன்பக்கம். அங்கே முகம் திருப்பி நின்றால் பந்துவீச்சாளர் முனை அவருக்கு வலப்பக்கம் வரும், ஓடி வருகிறவரின் காலடியும் வலக்காதில்தான் கேட்கும். இதை மாற்றி எழுதினால் மைதானத்தில் நின்ற ஒவ்வொருவரும் கண்டுபிடித்துவிடுவார்.

வசனத்தில் நேரத்தை இழுப்பது

தமிழில் வினை கடைசியில் வருவது இந்த வேலைக்காகவே செய்ததுபோல இருக்கும். வளைந்து, நீட்டி, தடுமாறி, என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். முற்று வரும்வரை வாசகருக்கு முடிவு தெரியாது. நீளமான ஓர் எச்சத்தொடர், அதைத் தொடர்ந்து மூன்று சொல்லில் ஒரு முற்று. இதுதான் முழுத் தந்திரமும். ஆனால் ஒவ்வோர் எச்சமும் ஒரு புதிய அசைவாக இருக்கவேண்டும். “வேகமாகவும் ஆவேசமாகவும் உறுதியாகவும்” என்று அடைகளை அடுக்கினால் வசனம்தான் நீளும், நேரம் நகராமல் நின்றுவிடும்.

பெயரெச்சத்தில் எச்சரிக்கையாக இருங்கள். “ஆட்டத்தை முடித்துவைத்த அந்த எறிதல்” என்று பந்தியைத் தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. “கோட்டை எட்டாத துடுப்பு” என்பதும் அப்படித்தான். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் வினை, முடிவை முன்கூட்டியே உளறிவிடும். எழுதி முடித்ததும் இந்த மாதிரித் தொடர்களை மட்டும் தேடிப் பிடித்து வெட்டுங்கள்.

காலம் பற்றி ஒரு சொல். நிகழ்காலத்துக்கு மாறினால் விறுவிறுப்பு வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். மேலே எட்ஜ்பாஸ்டனைச் சொல்லும்போது நானும் அப்படித்தான் சொன்னேன், ஏனென்றால் அது சுருக்கம். நீளமாக எழுதும்போது இறந்தகாலமே எனக்குப் பிடித்தது. “ஓடுகிறார், எறிகிறார், பிடிக்கிறார்” என்று மூன்று வரிக்கு மேல் போனால் வானொலி வர்ணனையாகிவிடும்.

ஒரு பந்தியை எழுதிப் பார்ப்போம்

முதலில் வழக்கமாக வந்து விழும் வடிவம்:

“மின்னல் வேகத்தில் வந்த பந்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றிய விக்கெட் காப்பாளர் ஸ்டம்புகளைச் சிதறடித்தார். மைதானமே உறைந்து நின்றது. இரசிகர்களின் இதயத்துடிப்பு ஒரு கணம் நின்றுபோனது.”

இதில் ஒரு வரிகூட அந்த ஆட்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை, எந்த மைதானத்துக்கும் தூக்கிப் பொருத்தலாம். “பற்றிய” என்ற பெயரெச்சம் பந்து கைக்கு வந்துவிட்டதை முதலிலேயே சொல்லிவிட்டது. ஸ்டம்புகள் சிதறவில்லை, நடுவர் சொன்னபடி விழுந்தது ஒரு பெய்ல். மைதானம் உறையவும் இல்லை, எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி அதே இடம், கேட்டுச் சேர்த்த தகவல்களை வைத்து:

“பந்து மிட்விக்கெட் பக்கம் போனதுமே அவர் ஸ்டம்புக்கு அருகே வந்து, கையுறையை ஒருமுறை தொடையில் துடைத்துக்கொண்டு நின்றார். முதல் ஓட்டம் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. 50 யார் தள்ளி, எல்லைக்கோட்டை ஒட்டி, ஒரு பெடியன் குனிந்து நிமிர்ந்தான். கை பின்னுக்குப் போனது. பந்து கிளம்பியது.

உயரமாகத்தான் வந்தது. பாதி வழியில் கச்சானில் மாட்டி, தளர்ந்து, இறங்கி, மட்டிங்குக்கு வெளியே மண்ணில் ஒருதரம் குத்தி, நினைத்ததைவிடத் தாழ்வாக, இடப்பக்கம் ஒரு சாண் விலகி எழும்ப, அவர் முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் தரைவரை இறக்கி, கண்ணை எடுக்காமல் இருந்தார். வலப்பக்கம் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. சத்தம் பெருத்தது. பிறகு சப்பாத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தது: துடுப்பின் நுனி மட்டிங்கில் உரசுகிற சத்தம்.

பந்து கையுறைக்குள் இருந்தது.

இரண்டு கையையும் சேர்த்தே இழுத்தார். ஒரு பெய்ல் எழும்பி விழுந்தது. மற்றது இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போதுதான் கீழே பார்த்தார். துடுப்பு கோட்டைத் தாண்டிக் கிடந்தது. எப்போது தாண்டியது என்று அவருக்குத் தெரியாது. தலையைத் திருப்பி ஸ்குயார் லெக்கைப் பார்த்தார். நடுவர் இன்னும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலைத் தூக்கினார்.”

இந்தப் பந்திகளில் உவமையே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்படவில்லை. பந்து வந்து சேர்ந்தது பிடிக்கிற வினையாக வராமல் “கையுறைக்குள் இருந்தது” என்று வந்ததற்குக் காரணம், காப்பாளர் அப்படித்தான் சொல்வார். கை மூடியதை யாரும் உணர்வதில்லை, மூடியபின்தான் தெரியும். வீடியோவிலும் அந்தக் கணம் இல்லை. தனி வரியாக விட்டதால் அதற்கு முன்னால் நீண்ட வசனம் சட்டென்று நிற்கிறது.

துடுப்பு கோட்டைத் தாண்டிக் கிடந்தது என்பது சிலருக்கு முரணாகத் தெரியலாம். அவுட் என்றால் எப்படித் தாண்டும்? கணக்குக்குத் திரும்பிப் போங்கள். பெய்ல் விழுந்த பிறகு காப்பாளர் குனிந்து பார்க்க எடுக்கும் 0.2 விநாடியில் ஓடுகிறவர் இன்னொரு மீற்றர் வந்துவிடுகிறார். கோட்டருகே நிற்கும் எல்லோருக்கும் அவர் உள்ளே வந்தாற்போலத்தான் தெரியும். வாசகர் ஒரு கணம் ‘தப்பிவிட்டார்’ என்று நினைக்கிறார், அந்த நினைப்பு நியாயமானதுதான். இந்தத் திருப்பம் கணக்கிலிருந்து வந்தது.

சில வரிகளை எழுதிவிட்டு வெட்டினேன். ஓடி வந்தவரின் முகபாவம் இருந்தது. காப்பாளர் அதைப் பார்க்கவில்லை, ஆகவே போனது. பந்தலில் ஒருவர் கச்சான் சரையைக் கீழே போட்டார் என்ற வரியும் இருந்தது. அழகான வரி, ஆனால் கண் வேறு. அதைக் கட்டுரையின் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அளவும் எல்லையும்

இந்த மாதிரி 150 சொல்லுக்குள் முடிக்கப் பாருங்கள். 200ஐத் தாண்டினால் வாசகர் கண்ணை ஓட்டி முடிவைத் தேடிப் போய்விடுவார். ஒரு கட்டுரையில் ஒரே ஒருமுறைதான் இதைச் செய்யலாம். எட்டாவது ஓவரில் விழுந்த விக்கெட்டையும் இப்படி இழுத்தால் கடைசிப் பந்துக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அதற்கு முன்னாலுள்ள பந்தி சாதாரண வேகத்தில், தகவல் நிறைந்ததாக இருக்கட்டும். எத்தனை பந்து, எத்தனை ஓட்டம், இரண்டு ஓட்டம் என்றால் சமன், எல்லாம் அங்கேயே சொல்லி முடித்துவிடுங்கள். மெதுவான பகுதிக்குள் கணக்கை விளக்க நின்றால் எல்லாம் கெட்டுவிடும்.

மென்பந்து ஆட்டமென்றால் சில விவரம் மாறும். டென்னிஸ் பந்து இலேசானது, ஸ்டம்பில் பட்டும் பெய்ல் விழாமல் திரும்பி வருவது உண்டு. எறிதலும் காற்றில் அதிகம் அலையும். கடினப் பந்து ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய வர்ணனையை அப்படியே அதில் ஒட்டாதீர்கள்.

ரன் அவுட்டானவர் பாடசாலைப் பையனாக இருந்தால், அவனும் அவன் வீட்டாரும் இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். ஊர் சின்னது. மெதுவாக எழுதும்போது ஒரு சாதாரணத் தயக்கம்கூடப் பெரும் குற்றம்போலத் தெரியும், ஏனென்றால் அதற்கு நாம் ஐந்து வரி கொடுத்துவிட்டோம். எறிதலுக்கும் காப்பாளரின் கைக்கும் அந்த வரிகளைக் கொடுங்கள். பையன் திரும்பும்போது சறுக்கினான் என்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், மறைக்கவும் வேண்டாம்.

விரல் உயர்ந்த பிறகு என்ன எழுதுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். முடிவு தெரிந்துவிட்டது, ஆகவே உடனே சாதாரண வேகத்துக்கு வாருங்கள். ஒரு ஓட்டத்தால் வெற்றி, கூட்டம் உள்ளே இறங்கியது, அடுத்த பந்தி.

கடைசியாக, அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பந்திகளை மட்டும் ஸ்குயார் லெக் நடுவருக்குப் போனில் வாசித்துக் காட்டுங்கள். “சேர், இதில வரிசை சரியா?” என்று மட்டும் கேளுங்கள், நடை எப்படி என்று கேட்கவேண்டாம். அநேகமாக ஒரு திருத்தம் வரும். விழுந்தது ஓஃப் பக்கப் பெய்ல், அல்லது துடுப்பு தரையில் உரசவே இல்லை, காற்றில்தான் இருந்தது என்பார். துடுப்பு காற்றில் இருந்ததென்றால் அந்த உரசல் சத்தத்தை எவ்வளவு ஆசைப்பட்டு எழுதியிருந்தாலும் எடுத்துவிடவேண்டியதுதான். காப்பாளரை மறுபடி அழைத்து, அப்படியென்றால் அவர் கேட்டது என்ன சத்தம் என்று விசாரியுங்கள்.